டிரேடுகளைக் கலைத்துப் பார்ப்பது: லைவுக்கு முன் டிராடவுனை அளக்கும் வழி

டிரேடிங் விதிகளைப் பழைய சந்தைத் தரவில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் ரிப்போர்ட்டில் "அதிகபட்ச டிராடவுன் 8%" என்று இருந்தால், பலரும் அதைக் கிணற்றின் அடித்தளம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குக் கீழே போகாது என்று நம்பி, அதை வைத்தே லாட் அளவை முடிவு செய்துவிடுகிறார்கள். லைவில் மூன்றாவது மாதமே 14% இறங்கியதும், சிஸ்டம் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். பல நேரங்களில் சிஸ்டத்துக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அந்த 8% என்பது கடந்த காலத்தில் டிரேடுகள் தற்செயலாக வந்து விழுந்த ஒரே ஒரு வரிசையின் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், "மான்டே கார்லோ போட்டுப் பார்த்தாச்சு, இனி பயமில்லை" என்பவர்களும் உண்டு. அதுவும் அரைகுறைப் புரிதல்தான். பழைய டிரேடுகளைக் கலைத்துப் பார்க்கும் இந்த முறை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே முடியாது என்பதைப் பத்தே டிரேடுகளை வைத்துப் பார்க்கலாம்.

## ஒரே வரவு, ஒரே செலவு, வேறு வேறு பள்ளம்

ஒரு மாதத்தில் சம்பளம் ஒரு முறை வருகிறது. வாடகை, கடன் தவணை, மளிகை என்று நான்கைந்து செலவுகள் போகின்றன. எந்தத் தேதியில் எது வந்தாலும் மாதக் கடைசியில் மிஞ்சும் தொகை ஒன்றுதான். ஆனால் செலவெல்லாம் முன்னால் வந்து சம்பளம் பின்னால் வந்தால், நடுவில் வங்கி இருப்பு அடிமட்டத்துக்குப் போய்விடும். சம்பளம் முதலில் வந்திருந்தால் அந்தப் பள்ளமே தெரிந்திருக்காது.

டிரேடிங் கணக்கும் இப்படித்தான். கணக்கு இதுவரை தொட்ட உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்கியது என்பதே டிராடவுன். அந்த இறக்கங்களில் மிக ஆழமானது அதிகபட்ச டிராடவுன். மொத்த லாபத்தைத் தீர்மானிப்பது என்னென்ன டிரேடுகள் நடந்தன என்பது. டிராடவுனைத் தீர்மானிப்பதோ, அவை எந்த வரிசையில் நடந்தன என்பதும் சேர்ந்துதான்.

## பத்து டிரேடு, 210 வரிசை

ஒரு டிரேடில் ஸ்டாப்லாஸ் அடித்தால் போகும் தொகையை 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிஸ்டம் பத்து டிரேடு எடுத்திருக்கிறது. நான்கில் +3 அலகு லாபம், ஆறில் −1 அலகு நஷ்டம். மொத்தம் 12 − 6 = +6 அலகு. பேக்டெஸ்டில் அவை வந்த வரிசை இது:

−1, +3, −1, −1, +3, −1, +3, −1, +3, −1

கணக்கைக் கூட்டிக்கொண்டே போனால் −1, 2, 1, 0, 3, 2, 5, 4, 7, 6 என்று வரும். ஆழமான இறக்கம் 2-இலிருந்து 0-க்குப் போனது. ஆக, ரிப்போர்ட்டில் அதிகபட்ச டிராடவுன் 2 அலகு.

இப்போது அதே பத்து டிரேடுகளை இப்படி அடுக்குவோம்:

+3, +3, −1, −1, −1, −1, −1, +3, −1, +3

கணக்கு 3, 6, 5, 4, 3, 2, 1, 4, 3, 6 என்று நகர்கிறது. முடிவு அதே +6தான். ஆனால் நடுவில் 6-இலிருந்து 1-க்கு, அதாவது 5 அலகு இறங்கிவிட்டது. ஒரு டிரேடும் மாறவில்லை. விதியும் மாறவில்லை, வெற்றி விகிதமும் மாறவில்லை. டிராடவுன் மட்டும் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

நான்கு லாபத்தையும் ஆறு நஷ்டத்தையும் மொத்தம் 210 விதமாக அடுக்கலாம். இது சின்னக் கணக்கு என்பதால் ஒன்று விடாமல் எண்ணிவிட முடியும்:

| அதிகபட்ச டிராடவுன் | எத்தனை வரிசைகளில் | விகிதம் |
|---|---|---|
| 2 அலகு | 45 | 21.4% |
| 3 அலகு | 90 | 42.9% |
| 4 அலகு | 50 | 23.8% |
| 5 அலகு | 20 | 9.5% |
| 6 அலகு | 5 | 2.4% |

பேக்டெஸ்ட் காட்டிய 2 அலகுதான் இந்தப் பட்டியலிலேயே குறைவானது. 210-இல் 165 வரிசைகளில், அதாவது ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக, டிராடவுன் அதைவிட ஆழம். இது வெறும் துரதிர்ஷ்டக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. சிஸ்டம் உருவாக்கும்போது பத்து விதமான அளவுருக்களைப் போட்டுப் பார்த்து, கணக்கின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஈக்விட்டி கர்வ் எதில் வழவழப்பாக இருக்கிறதோ அதைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறோம். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது நல்ல விதியோடு சேர்த்து அதிர்ஷ்டமான வரிசையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

இதுவரை பார்த்தது: ரிப்போர்ட்டில் உள்ள டிராடவுன் ஒரு வரிசையின் விளைவு. அதே டிரேடுகளுக்கு 2 முதல் 6 அலகு வரை சாத்தியம் இருந்தது. இனி கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஆழம் எத்தனை முறைக்கு ஒரு முறை வரும் என்பது.

## எண்ண முடியாதபோது குலுக்கிப் பார்ப்பது

பத்து டிரேடுக்கு 210 வரிசை. 200 டிரேடில் 80 லாபம் என்றால் வரிசைகளின் எண்ணிக்கை 50 இலக்கங்களையும் தாண்டிவிடும். எந்தக் கணினியாலும் எண்ணி முடிக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் எண்ணாமல், கண்ணை மூடிக்கொண்டு 10,000 வரிசைகளை எடுத்துப் பார்க்கிறோம். இப்படித் தற்செயலாக எடுத்த மாதிரிகளை வைத்து விடையை மதிப்பிடுவதற்குத்தான் மான்டே கார்லோ என்று பெயர். 1940-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இயற்பியல் கணக்குகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது.

வேலை இவ்வளவுதான்: டிரேடு பட்டியலைக் கலைக்க வேண்டும், கணக்கைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அந்த வரிசையின் அதிகபட்ச டிராடவுனைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை 10,000 முறை செய்தால் 10,000 டிராடவுன் எண்கள் கிடைக்கும். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கினால், சரிபாதியில் நிற்பது சாதாரணமாக எதிர்பார்க்க வேண்டிய ஆழம். 100-க்கு 95 எண்கள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ, அது 95-வது பெர்சென்டைல். மேலே உள்ள பத்து டிரேடில் பாதி நிலை 3 அலகு. 95-வது பெர்சென்டைல் 5 அலகு.

பைத்தானில் எழுதினால் பத்து வரிகூட வராது:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
r = np.loadtxt("trades.csv")
dd = []
for _ in range(10000):
    eq = np.cumsum(rng.permutation(r))
    peak = np.maximum.accumulate(np.maximum(eq, 0))
    dd.append((peak - eq).max())
print(np.percentile(dd, [50, 95, 99]))
```

`trades.csv` கோப்பில் ஒரு வரிக்கு ஒரு டிரேடின் முடிவு, அலகுக் கணக்கில். முதலில் மேலே சொன்ன பத்து எண்களை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். 3, 5, 6 என்று வர வேண்டும். வந்தால் நிரல் சரி. அதன் பிறகு சொந்தப் பட்டியலைக் கொடுக்கலாம்.

`np.maximum(eq, 0)` என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். தொடக்க முதலும் ஓர் உச்சம்தான் என்பதைச் சொல்வது அந்தப் பகுதி. அது இல்லாவிட்டால், முதல் ஆறு டிரேடும் நஷ்டமாகும் வரிசையில் கணக்கு −1-இலிருந்துதான் தொடங்கியது என்று எடுத்துக்கொண்டு, 6 அலகு டிராடவுனை 5 என்று காட்டும். லைவில் முதல் நாளிலிருந்தே நஷ்டத்தில் இறங்குவதுதான் மனதளவில் மிகக் கஷ்டமான நிலை. கணக்கில் தவறிப்போவதும் சரியாக அதே இடம்தான்.

## எந்த எண்ணைக் கலைப்பது?

இந்த முறையில் நடக்கும் மிகப் பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. பேக்டெஸ்ட் மென்பொருள் கொடுக்கும் பணக்கணக்கை அப்படியே எடுத்துக் கலைத்துவிடுவார்கள்.

லாபத்தைத் திரும்ப முதலீடு செய்யும் பேக்டெஸ்டில், கணக்கு வளர வளர லாட்டும் வளரும். தொடக்க முதல் பத்து மடங்கு ஆன பிறகு வந்த 2% நஷ்டம், பணத்தில் பார்த்தால் தொடக்க முதலில் 20%. கலைக்கும்போது அந்த டிரேடு முதலாவதாக வந்து விழுந்தால், ஒரே டிரேடில் 20% போய்விட்டது என்று கணக்கு காட்டும். அப்படி ஒன்று நடக்கவே வழியில்லை. முடிவில் வரும் டிராடவுன் எண்கள் பயங்கரமாக இருக்கும். ஆனால் அவற்றுக்கு அர்த்தம் கிடையாது.

அதனால் ஒவ்வொரு டிரேடையும் அதன் சொந்த ரிஸ்க்கால் வகுத்து அலகாக்கிக்கொள்ள வேண்டும். அல்லது அந்த நேரத்துக் கணக்கிருப்பில் எத்தனை சதவீதம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சதவீதமாக எடுத்தால் கூட்டுவதற்குப் பதில் பெருக்க வேண்டும்: 2% நஷ்டம் ஐந்து தொடர்ந்து வந்தால் 0.98-ஐ ஐந்து முறை பெருக்கி, இறக்கம் 9.6%. கூட்டினாலும் பெருக்கினாலும் வரிசை மாறுவதால் இறுதித் தொகை மாறாது. நடுவில் விழும் பள்ளம்தான் மாறும்.

புரோக்கரேஜ், வரி, ஸ்லிப்பேஜ் எல்லாம் கழித்த எண்ணாக இருக்க வேண்டும். ஸ்லிப்பேஜ் என்பது நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். இவற்றைக் கழித்தால் −1 அலகு −1.1 ஆகும், +3 என்பது 2.9 ஆகும். பத்து டிரேடில் இது பெரிதாகத் தெரியாது. நூற்றுக்கணக்கில் போகும்போது பள்ளம் கணிசமாக ஆழமாகும்.

## டிராடவுனிலிருந்து ரிஸ்க் அளவுக்கு

இவ்வளவு கணக்கும் கடைசியில் ஒரே ஒரு முடிவுக்காகத்தான்: ஒரு டிரேடுக்கு எத்தனை சதவீதம் ரிஸ்க் எடுப்பது. லாட் அளவை மாற்றாமல் வைத்திருந்தால் கணக்கு எளிது. தாங்கக்கூடிய டிராடவுனை, அலகில் வந்த டிராடவுனால் வகுத்தால் போதும்.

தொடக்க முதலில் 10% இறக்கம் வரை தாங்கலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார். பேக்டெஸ்ட் சொன்ன 2 அலகை நம்பினால், 10-ஐ 2-ஆல் வகுத்து டிரேடுக்கு 5% ரிஸ்க். 95-வது பெர்சென்டைலான 5 அலகை எடுத்தால் டிரேடுக்கு 2%. முதல் கணக்கின்படி போனவருக்கு அந்த 5 அலகு இறக்கம் வந்தால், அவர் கணக்கில் 25% போயிருக்கும். அதை மீட்க மிச்சமுள்ள பணத்தில் 33% சம்பாதிக்க வேண்டும். அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? மேலே உள்ள பட்டியலின்படி 5 அலகோ அதற்கு மேலோ வருவது 210-இல் 25 வரிசைகள், கிட்டத்தட்ட எட்டில் ஒன்று. அரிது என்று சொல்லிவிட முடியாது.

டிரேடுகளின் எண்ணிக்கையையும் இங்கே பார்த்தாக வேண்டும். பத்து டிரேடுக்கு வந்த 5 அலகை 200 டிரேடுக்கு அப்படியே வைக்க முடியாது. டிரேடுகள் கூடக் கூட, மோசமான தொடர் ஒன்று நடுவில் வந்து சேரும் வாய்ப்பும் கூடுகிறது. 40% வெற்றி விகிதத்தில் 200 டிரேடு எடுத்தால், எங்கோ ஓரிடத்தில் 8 முதல் 10 நஷ்டம்வரை தொடர்ச்சியாக வருவது சர்வ சாதாரணம். லைவில் ஒரு வருடத்துக்கு எத்தனை டிரேடு எதிர்பார்க்கிறோமோ, அத்தனை நீளத்துக்குத்தான் கலைத்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: டிரேடுகளை அலகாக்கி, செலவு கழித்து, 10,000 முறை கலைத்து, 95-வது பெர்சென்டைலை வைத்து ரிஸ்க்கை முடிவு செய்கிறோம். பேக்டெஸ்டின் ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை.

## கலைப்பதா, திருப்பிப் போட்டு எடுப்பதா?

இரண்டு முறைகள் உண்டு. பெரும்பாலான பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இதுவரை செய்தது வெறும் கலைத்தல். ஒவ்வொரு டிரேடும் ஒரே ஒரு முறை வரும், அதனால் இறுதி லாபம் எப்போதும் +6தான். கலைத்துப் பார்த்த 10,000 வரிசையிலும் லாபம் வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. அது வேறு மாதிரி வரவே முடியாது.

இரண்டாவது முறையில் பட்டியலிலிருந்து ஒரு டிரேடை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளேயே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். ஒரே நஷ்டம் நான்கு முறை வரலாம், ஒரு லாபம் வராமலே போகலாம். இதற்கு பூட்ஸ்டிராப் என்று பெயர். 1979-இல் பிராட்லி எஃப்ரான் என்ற புள்ளியியலாளர் முன்வைத்தது. நிரலில் `rng.permutation(r)` இருக்கும் இடத்தில் `rng.choice(r, size=200)` என்று மாற்றினால் போதும். எத்தனை டிரேடு வேண்டுமோ அதை `size`-இல் கொடுக்கலாம். அதனால் மேலே சொன்ன நீளப் பிரச்சினையும் இதில் தீர்ந்துவிடுகிறது.

அதே பத்து டிரேடுகளை வைத்து இந்த முறையில் பத்துப் பத்தாக எடுத்தால், ஏறத்தாழ 17% முறை மொத்தக் கணக்கே நஷ்டத்தில் முடியும். பத்தில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ லாப டிரேடு வந்தால் போதும், அப்படி ஆகிவிடும். வெறும் கலைத்தல் இதை ஒருபோதும் காட்டாது. லைவுக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் செய்யப் போகிறோம் என்றால், பூட்ஸ்டிராப்பைத்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. பேக்டெஸ்டில் கிடைத்த வெற்றி விகிதமும் ஒரு மாதிரிதான் என்பதை அது மறக்க விடாது.

## நஷ்டங்கள் கூட்டமாக வந்தால்

கலைப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒரு டிரேடின் முடிவுக்கும் அடுத்த டிரேடின் முடிவுக்கும் தொடர்பே இல்லை என்பது. பல சிஸ்டங்களுக்கு இது பொருந்தாது.

டிரெண்டைப் பின்தொடரும் ஒரு சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். சந்தை ஒரே திசையில் ஓடும் மாதங்களில் லாபங்கள் சேர்ந்து வரும். பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் மாதங்களில் ஸ்டாப்லாஸ் மேல் ஸ்டாப்லாஸ் அடிக்கும். அந்த நஷ்டங்கள் ஒட்டி வந்ததற்குக் காரணம் சந்தையின் நிலை. கலைக்கும்போது அந்தக் கூட்டத்தைப் பிரித்து, நடுநடுவே லாபங்களைச் செருகிவிடுகிறோம். நிஜத்தில் வரக்கூடியதைவிட ஆழம் குறைவான டிராடவுன்தான் கிடைக்கும். அதாவது, பயத்தை அளக்கப் போய், பயத்தையே குறைத்துக் காட்டிவிடும்.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அசல் வரிசையின் டிராடவுனை, கலைத்துக் கிடைத்த எண்களோடு ஒப்பிட வேண்டும்:

```python
print(np.mean(np.array(dd) >= actual))
```

`actual` என்பது அசல் டிராடவுன், அலகில். பதில் 0.02 என்று வந்தால், கலைத்த வரிசைகளில் 2% மட்டுமே அசல் அளவுக்கு ஆழம் போயின என்று பொருள். அசலில் நஷ்டங்கள் வழக்கத்துக்கு மீறி ஒட்டி வந்திருக்கின்றன. கலைத்த எண்களை நம்பக்கூடாது. 0.3 அல்லது 0.6 போல நடுவில் எங்காவது வந்தால், கூட்டம் சேர்வதற்கான தடயம் இந்தப் பட்டியலில் தெரியவில்லை. 0.95-ஐத் தாண்டினால் அசல் வரிசை சந்தேகப்படும் அளவுக்கு அழகாக இருக்கிறது. வழவழப்பான கர்வைத் தேடித் தேடி எடுத்த பேக்டெஸ்டாக இருக்கலாம்.

கூட்டம் சேர்வது தெரிந்தால், டிரேடு டிரேடாகக் கலைக்காமல் கட்டுக்கட்டாகக் கலைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கட்டு என்பது தொடங்க வசதியான அளவு. அந்தந்த மாத டிரேடுகளை அதே வரிசையில் ஒட்டி வைத்துவிட்டு, மாதங்களின் வரிசையை மட்டும் மாற்றுகிறோம். மோசமான மாதம் மோசமான மாதமாகவே இருக்கும்; இரண்டு மோசமான மாதங்கள் அடுத்தடுத்து வரவும் வாய்ப்பு கிடைக்கும். மோசமான காலம் வழக்கமாக இரண்டு மூன்று மாதம் நீடிக்கும் சிஸ்டம் என்றால் கட்டை மூன்று மாதமாக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது, மொத்தக் கட்டுகள் ஏழெட்டாகச் சுருங்காத அளவுக்குத் தரவு கையில் இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் பல பங்குகளில் பொசிஷன் வைத்திருக்கும் சிஸ்டத்துக்கும் இதே கோளாறு வரும். ஒரே நாளில் சந்தை விழுந்து ஐந்து பொசிஷனும் ஸ்டாப்லாஸ் அடித்தது ஒரே நிகழ்வு. டிரேடு டிரேடாகக் கலைத்தால் அந்த ஐந்தும் ஐந்து மூலைக்குப் போய்விடும். அங்கே டிரேடுகளைக் கலைக்காமல், நாள் கணக்கில் வரும் மொத்த லாப நஷ்டத்தைக் கலைப்பதே சரி.

## பட்டியலில் இல்லாதது

கலைப்பதற்குத் தெரிந்ததெல்லாம் பட்டியலில் உள்ள எண்கள் மட்டும். அதில் மிக மோசமான நஷ்டம் −1.2 அலகு என்றால், 10,000 முறை கலைத்தாலும் −4 அலகு நஷ்டம் ஒன்றுகூட வராது. இரவோடு இரவாக விலை எகிறி ஸ்டாப்லாஸைத் தாண்டித் திறக்கும் நாள் பேக்டெஸ்ட் காலத்தில் வரவில்லை என்றால், இந்த முறைக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. −3, −4 அலகில் ஒன்றிரண்டு டிரேடுகளைக் கையால் சேர்த்து ஓட்டிப் பார்த்தால், 95-வது பெர்சென்டைல் எவ்வளவு நகர்கிறது என்று தெரியும்.

டிரேடு முடிந்த பிறகு வரும் எண்தான் பட்டியலில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். +3 அலகில் முடிந்த டிரேடு, நடுவில் −0.9 வரை போய்வந்திருக்கலாம். கணக்குத் திரையில் அந்த இறக்கம் தெரிந்திருக்கும், பட்டியலில் தெரியாது. பொசிஷனை வாரக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்குத் திரையில் தெரியும் டிராடவுன், கலைத்து வந்த எண்ணைவிடப் பெரும்பாலும் சற்று ஆழமாகவே இருக்கும்.

பேக்டெஸ்டே பழைய தரவுக்கு ஏற்ப வளைத்து எழுதியதாக இருந்தால், கலைப்பது அதைக் கண்டுபிடிக்காது. இல்லாத லாபங்களை வேறு வேறு வரிசையில் அடுக்கிக் காட்டும், அவ்வளவே. அதனால் சிஸ்டத்தை உருவாக்கப் பயன்படுத்தாத காலப்பகுதியின் டிரேடுகளைக் கலைப்பதே நல்லது. அவை 30 டிரேடுக்குக் குறைவாக இருந்தால் வரும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். நூறைத் தாண்டினால்தான் ஓரங்களில் உள்ள பெர்சென்டைல்களைப் பற்றிப் பேசவே முடியும்.

## லைவில் இந்த எண்களை என்ன செய்வது?

லைவ் தொடங்கும் முன்பே மூன்று எண்களை எழுதி வைத்துக்கொள்ளலாம்: பாதி நிலை, 95, 99. பாதி நிலைக்கும் 95-க்கும் நடுவில் இறக்கம் இருக்கும்வரை சிஸ்டத்தில் கைவைக்கக் காரணம் இல்லை. இதுதான் அதன் சாதாரண முகம். 95-ஐத் தாண்டினால் புதிய லாட் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, லைவ் டிரேடுகளைப் பேக்டெஸ்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஸ்லிப்பேஜ் அதிகமா, நஷ்டத்தின் அளவு −1 அலகைத் தாண்டுகிறதா, வெற்றி விகிதம் குறைந்திருக்கிறதா என்று. 99-ஐத் தாண்டினால் டிரேடிங்கை நிறுத்த வேண்டும். அனுமானங்கள் எல்லாம் சரியாக இருந்தால் அப்படி நடக்க நூறில் ஒரு வாய்ப்புதான். அனுமானங்களில் ஏதோ ஒன்று தவறாக இருக்க வாய்ப்பு அதைவிட அதிகம்.